198 கோடி ஒப்பீடுகள்: ஒரு டூப்ளிகேட் சோதனையின் கதை

ஒரு பட்டியலில் ஒரே மதிப்பு இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்காரிதம் பாடம் எடுப்பவர்கள் எல்லோருமே இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போர்டில் எழுதியிருப்பார்கள். பாடம் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். முதலில் இரட்டை லூப், அது O(n²), எனவே மோசம். அடுத்து செட், அது O(n), எனவே நல்லது. இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பாடத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடித்தவர், நாளைக்கு வேலையில் இதே இரட்டை லூப்பை எதிரில் பார்த்தால் அடையாளம் கண்டுபிடிப்பாரா? எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. ஏன் என்று சொல்ல ஒரு நிஜ நிரலை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால், போர்டில் எழுதும் வடிவம் இது:

```python
def has_dup(items):
    for i in range(len(items)):
        for j in range(i + 1, len(items)):
            if items[i] == items[j]:
                return True
    return False
```

எண்ணிப் பார்ப்போம். முதல் ஆளை மீதி n−1 பேரோடு ஒப்பிடுகிறோம். இரண்டாவது ஆளை n−2 பேரோடு. இப்படியே இறங்கி, கடைசிக்கு முந்தைய ஆளுக்கு ஒரே ஒரு ஒப்பீடு. கூட்டினால் n(n−1)/2. பட்டியலில் 1,000 உருப்படி இருந்தால் 4,99,500 ஒப்பீடுகள். 10,000 இருந்தால் ஏறக்குறைய 5 கோடி. பட்டியல் பத்து மடங்கு வளர்ந்தது, வேலை நூறு மடங்கு வளர்ந்தது. O(n²) என்ற குறியீடு சொல்வது இவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயத்தைப் பாடப்புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடும். டூப்ளிகேட் கிடைத்த உடனே `return True` வந்து லூப் நின்றுவிடும், இல்லையா? அப்படியென்றால் இந்த நிரல் முழு n(n−1)/2 ஒப்பீட்டையும் செய்வது எப்போது? பட்டியலில் டூப்ளிகேட்டே இல்லாதபோது. அதாவது தரவு சுத்தமாக இருக்கும்போதுதான் இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகும். நடைமுறையில் பெரும்பாலான பட்டியல்கள் சுத்தமாகத்தான் இருக்கும், ஏதோ ஒரு நாள் தப்பு வந்தால் பிடிக்கலாம் என்றுதானே சோதனையையே வைக்கிறோம். ஆக, "மிக மோசமான நிலை" என்று பாடம் சொல்வது இங்கே எப்போதோ வரும் விபத்து அல்ல. தினசரி நிலையே அதுதான்.

இப்போது நிஜக் கதை. ஜிடிஏ ஆன்லைன் என்ற விளையாட்டு 2013-இல் வெளிவந்தது. விளையாட்டுக்குள் நுழைய நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது வருஷக்கணக்காக எல்லோரும் சலித்துக்கொண்ட விஷயம். 2021 பிப்ரவரி கடைசியில், t0st என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அவரிடம் மூல நிரல் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் மீது ஒரு ப்ரொஃபைலரை மாட்டி நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார், பிறகு இயந்திர மொழியைப் பிரித்துப் படித்தார். அவருடைய கணினியில் ஆன்லைனுக்குள் நுழைய ஏறக்குறைய 6 நிமிடம் ஆனது. அதில் சுமார் 4 நிமிடம் ப்ராசஸரின் ஒரே ஒரு கோர் முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருந்தது, மற்றவை சும்மா இருந்தன. நெட்வொர்க்கும் டிஸ்க்கும் கிட்டத்தட்ட ஓய்வில்.

அந்த ஒற்றைக் கோர் என்ன செய்துகொண்டிருந்தது? விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் ஒன்று, சுமார் 10 எம்பி அளவுள்ள ஜேசன் கோப்பு. அதில் ஏறக்குறைய 63,000 உருப்படிகள். ஒவ்வொரு உருப்படியையும் படித்ததும் அதற்கு ஒரு ஹேஷ் எண் கணக்கிடப்படுகிறது. பிறகு, இதுவரை சேர்த்த உருப்படிகள் இருக்கும் அர்ரேயை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்த ஹேஷ் ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இல்லை என்றால் கடைசியில் சேர்க்கிறார்கள்.

நம்முடைய கணக்கில் n = 63,000 என்று போட்டால் 198,44,68,500 வருகிறது. சுருக்கமாக 198 கோடி ஒப்பீடுகள். உருப்படிகள் எல்லாமே தனித்தனியானவை, ஒரு டூப்ளிகேட்கூட இல்லை. அதனால் ஒரு ஒப்பீட்டில்கூட சலுகை கிடையாது.

இந்த நிரலை நான் குறை சொல்வது வேகத்துக்காக மட்டும் அல்ல. ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு கையில் வைத்துக்கொண்டு, அதை வரிசையாகத் தேடுகிறார்கள் பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஹேஷ் என்பது விலாசம் மாதிரி. பொருள் எங்கே இருக்கும் என்று நேரடியாகப் போய்ப் பார்ப்பதற்காக உண்டானது. கவரின் மேல் முழு விலாசமும் எழுதியிருக்கிறது, தபால்காரர் அதைப் படிக்கவும் செய்கிறார், அப்புறம் தெருவின் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி "இது உங்களுக்கா?" என்று கேட்டுக்கொண்டே போகிறார்.

t0st இந்தச் சோதனையை மட்டும் நீக்கிப் பார்த்தார். 6 நிமிடம் ஏறக்குறைய நாலரை நிமிடமாகக் குறைந்தது. (மிச்சம் இன்னொரு கோளாறு. ஜேசனில் ஒவ்வொரு சின்ன மதிப்பைப் படிக்கும்போதும் `sscanf` அழைக்கப்படுகிறது, அது உள்ளுக்குள் ஒவ்வொரு முறையும் மீதமுள்ள கோப்பு முழுவதன் நீளத்தையும் அளக்கிறது. அதுவும் மறைந்திருக்கும் ஒரு இரட்டை லூப்தான். இரண்டையும் சரிசெய்ததும் 1 நிமிடம் 50 நொடி ஆனது.) விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டு அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்தது, மார்ச் மாதமே திருத்தத்தையும் வெளியிட்டது.

90 நொடியை 198 கோடியால் வகுத்தால் ஒரு ஒப்பீட்டுக்குச் சுமார் 45 நானோநொடி வருகிறது. இதே வேகத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பாருங்க. பட்டியலில் 1,000 பொருள் மட்டும் இருந்தால் சோதனைக்கு 22 மில்லிநொடி. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. 10,000 பொருள் என்றால் இரண்டேகால் நொடி. "லோடிங் கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்று யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 63,000 என்றால் ஒன்றரை நிமிடம். இடையில் நிரலில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றியிருக்க வேண்டாம், பட்டியல் வளர்ந்தால் போதும். அதனால் முதலில் எழுதியவரை முட்டாள் என்று சொல்ல நான் தயாரில்லை. சின்னப் பட்டியலில் இந்தக் கோளாறு எந்தச் சோதனையிலும் சிக்காது. உங்கள் நிரலில் இது இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால், உள்ளீட்டை இரண்டு மடங்காக்கி ஓட்டிப் பாருங்கள். நேரம் சுமார் இரண்டு மடங்கானால் கவலை இல்லை. நாலு மடங்கானால் எங்கோ ஒரு இரட்டை லூப் ஒளிந்திருக்கிறது.

ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துதான் சொல்கிறேன். பாடத்தின் மீது எனக்குள்ள முக்கியமான குறையே இதுதான். போர்டில் இரண்டு `for` ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணுக்கு எதிரே நிற்கும், சின்னப் பையன்கூட O(n²) என்று சொல்லிவிடுவான். நிஜத்தில் ஒரு லூப் இங்கே இருக்கும், இன்னொன்று வேறு ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும். ஜிடிஏ நிரலில் நடந்தது அதுதான். ஜேசனைப் படிக்கிறது ஒரு லூப், "சேர்" என்ற ஃபங்ஷனுக்குள் தேடுகிறது இன்னொன்று. இரண்டையும் ஒரே திரையில் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பைத்தானில் இது இன்னும் நைஸாக ஒளிந்துகொள்ளும்:

```python
def has_dup(items):
    seen = []
    for x in items:
        if x in seen:
            return True
        seen.append(x)
    return False
```

ஒரே ஒரு `for`தான் தெரிகிறது. ஆனால் `seen` ஒரு லிஸ்ட், எனவே `x in seen` என்ற மூன்று சொல்லுக்குள் ஒரு முழு லூப் ஓடுகிறது. இதை O(n) என்று சாதிக்கிற பேட்டியாளர்களையே நான் பார்த்திருக்கிறேன். இது ஜிடிஏ நிரலின் அச்சு அசல் பைத்தான் வடிவம். இதைச் சரிசெய்ய இரண்டே இடத்தில் கை வைத்தால் போதும்:

```python
def has_dup(items):
    seen = set()
    for x in items:
        if x in seen:
            return True
        seen.add(x)
    return False
```

`in` என்ற அதே சொல், ஆனால் வேலை முற்றிலும் வேறு. செட்டுக்குள்ளே ஒரு அட்டவணை இருக்கிறது. `x`-இன் ஹேஷைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு கட்டத்தின் எண்ணை எடுத்து, நேரே அந்தக் கட்டத்தைப் பார்க்கிறது. காலியாக இருந்தால் "இல்லை" என்று முடிந்தது. யாராவது இருந்தால் ஹேஷையும் மதிப்பையும் ஒப்பிடுகிறது, வேறு ஆளாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டிய கட்டத்துக்குப் போகிறது. இந்த நகர்வு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அட்டவணை ஐந்தில் மூன்று பங்கு நிறைந்ததுமே சிபைத்தான் அதைப் பெரிதாக்கிவிடுகிறது. எப்போதும் நிறைய காலி இடம் இருக்கும், அதனால் ஒன்றிரண்டு கட்டங்களைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். 63,000 உருப்படிக்கு 198 கோடி ஒப்பீடு இருந்த இடத்தில் ஒரு லட்சத்தைச் சுற்றி வரும் அளவு வேலைதான்.

இதற்கான விலை நினைவகம். சிபைத்தானில் 63,000 உருப்படிகள் உள்ள செட்டின் அட்டவணை 1,31,072 கட்டங்கள் வரை வளரும், கட்டத்துக்கு 16 பைட், ஆக மொத்தம் 2 எம்பி. 10 எம்பி கோப்பைப் படிக்கிற விளையாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இங்கே t0st-இன் தீர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் செட்டும் போடவில்லை, ஹேஷ் அட்டவணையும் போடவில்லை. கோப்பைப் படிக்கும் முன் அர்ரே காலியாக இருக்கிறது, கோப்பில் எல்லாம் தனித்தனியானவை, அப்படியிருக்க சோதனையே எதற்கு என்று அதைத் தூக்கிவிட்டு நேரடியாகச் சேர்த்தார். வெளியிலிருந்து ஒட்டுப்போடுகிறவருக்கு இது சரியான முடிவு, மிகக் குறைந்த மாற்றம். ஆனால் உள்ளே இருந்து நிரலைப் பராமரிக்கிறவர் இதையே பின்பற்றினால் எனக்கு ஒப்புதல் இல்லை. இன்றைய கோப்பில் டூப்ளிகேட் இல்லை என்பது இன்றைய கோப்பைப் பற்றிய உண்மை மட்டுமே. நாளைக்கு யாரோ ஒருவர் ஒரு பொருளை இரண்டு முறை பட்டியலிட்டால் என்ன ஆகும்? அதைப் பிடிக்கத்தானே அந்தச் சோதனையை வைத்திருப்பார்கள். செட் போட்டால் சோதனை கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைக்கும்போது அதை ஏன் இழக்க வேண்டும்?

சரி, செட் O(n) என்று பாடம் சொல்வதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். அது சராசரிக் கணக்கு. ஹேஷ் எண்கள் அட்டவணை முழுவதும் பரவலாக விழும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிற கணக்கு. நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். 64 பிட் சிபைத்தானில் ஒரு முழு எண்ணின் ஹேஷ் என்பது 2⁶¹−1 என்ற எண்ணால் வகுத்த மீதிதான். அப்படியென்றால் அந்த எண்ணின் மடங்குகள் எல்லாவற்றுக்கும் ஹேஷ் 0.

```python
M = 2**61 - 1
good = [i * (M + 2) for i in range(10000)]
bad  = [i * M for i in range(10000)]
```

`good`, `bad` இரண்டிலும் 10,000 தனித்தனி எண்கள், அளவிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இரண்டையும் அந்த செட் நிரலுக்குக் கொடுத்து நேரம் பாருங்கள். `good` சட்டென்று முடிந்துவிடும். `bad` கொடுத்தால் நிரல் இழுத்துக்கொண்டே போகும், 10,000-ஐ 20,000 ஆக்கினால் நேரம் நாலு மடங்காகும். எல்லோருக்கும் ஒரே விலாசம். ஒவ்வொரு புது எண்ணும் ஏற்கெனவே வந்த அத்தனை பேரையும் தாண்டித்தான் காலி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். செட்டுக்குள்ளேயே நம்ம பழைய இரட்டை லூப் திரும்பி வந்துவிட்டது.

இது வெறும் பொழுதுபோக்குச் சோதனை அல்ல. 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த 28C3 மாநாட்டில் அலெக்ஸாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டே என்ற இருவர் இதையே தாக்குதலாகச் செய்து காட்டினார்கள். ஒரே ஹேஷ் வரும்படி தேர்ந்தெடுத்த சொற்களை ஒரு வெப் படிவத்தில் அடைத்து அனுப்பினால், அந்தச் சிறிய கோரிக்கை ஒன்றே சர்வரை நிமிடக்கணக்கில் முடக்கிவிடும். பல மொழிகள் இதனால் பாதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பைத்தான் 3.3-இலிருந்து சொற்களின் ஹேஷ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ரகசிய எண்ணோடு கலந்துதான் வருகிறது, வெளியில் இருப்பவரால் முன்கூட்டியே கணிக்க முடியாது. முழு எண்களுக்கு அந்தக் கலப்பு கிடையாது. அதனால்தான் மேலே உள்ள சோதனை இன்றும் வேலை செய்கிறது.

ஜிடிஏ கோப்பைத் தயாரிப்பது அந்த நிறுவனமே, எதிரி யாரும் இல்லை, எனவே அங்கே செட் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் எண்கள் வெளியாரிடமிருந்து வருகின்றன, அவர்களை நம்ப முடியாது என்றால் எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. பாடங்களில் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பட்டியலை முதலில் வரிசைப்படுத்துங்கள். டூப்ளிகேட்கள் இருந்தால் இப்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒரே ஒரு நடை நடந்து அண்டை வீட்டுக்காரர்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். இது O(n log n). 63,000-க்கு வரிசைப்படுத்த அதிகபட்சம் 10 லட்சம் ஒப்பீடு அளவில் ஆகும். செட்டைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பைத்தானின் `sort` எப்படிப்பட்ட உள்ளீட்டைக் கொடுத்தாலும் அந்த வரம்பைத் தாண்டாது. ஹேஷே தேவையில்லை என்பதால் யாரும் விலாசத்தை வைத்து ஏமாற்றவும் முடியாது. ஒரே நிபந்தனை, உருப்படிகளுக்குள் எது சிறியது எது பெரியது என்று சொல்ல முடிய வேண்டும். லிஸ்ட்களின் பட்டியலை செட்டில் போட்டால் `unhashable type: 'list'` என்று ஒரு `TypeError` முகத்தில் அடிக்கும். வரிசைப்படுத்தினால், உள்ளே இருப்பவை ஒரே வகையாக இருக்கும்வரை, சத்தமில்லாமல் வேலை முடிந்துவிடும்.